தலையை விட முதுகே நம்பத்தக்கது

முக்கோணத் தலை சொல்லும் பாதி உண்மை

வீட்டுப்பக்கம் வந்த பாம்பின் புகைப்படத்தைப் பார்த்ததும், "தலை முக்கோணமா இல்லையே, விஷமிருக்காது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அந்தக் கணக்கு சரிதான். தலை அகன்று, கழுத்து ஒடுங்கி, உடல் பருத்திருக்கும். ஆனால் கட்டுவிரியனின் தலை கழுத்தைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான். நல்ல பாம்பும் படமெடுக்காதபோது அப்படித்தான். மறுபுறம், மனிதருக்கு ஆபத்தில்லாத பூனைப் பாம்புக்கு முக்கோணத் தலை உண்டு. ஆகவே தலையை மட்டும் நம்பினால், நாட்டின் மிகக் கொடிய பாம்புகளில் ஒன்றைச் சாதுவென்று விட்டுவிடுவோம்.

கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

அதிகம் குழப்புவது இந்த இரண்டும்தான். இரண்டும் இரவில் திரிபவை, ஒல்லியானவை, வழவழப்பானவை, உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டவை. வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷமில்லை. பல்லியைத் தேடிச் சுவரேறும். அதன் பட்டைகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனில் நேர்மாறு: கருநீல மினுமினுப்புள்ள உடலில் மெல்லிய பட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி வால் நோக்கித் தெளிவாகும். ஆனால் குட்டிகளில் பட்டைகள் முன்னாலேயே தொடங்கலாம். சில பெரிய பாம்புகளில் பட்டையே தெரியாது. அப்போது துணைக்கு வருவது முதுகுச் செதில். கட்டுவிரியனின் முதுகெலும்பு வழியே பக்கத்துச் செதில்களைவிடப் பெரிய, அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாகப் போகும். வெள்ளிக்கோல் வரையனில் அந்த வரிசை இல்லை. மேலிருந்து தெளிவாக விழுந்த படத்தில் இது தெரியும். மங்கலான படத்தில் தெரியாது. தெரியாவிட்டால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கும் தூரம்

செதில் தெரிய வேண்டுமென்று கிட்டே போகலாமா? கூடாது. பாம்பின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் நின்று, கைப்பேசியின் ஜூமில் எடுத்தது போதும். அடித்துக் கொன்றபின் எடுக்கலாம் என்பதும் ஆபத்து; செத்த பாம்பின் தலையும் அனிச்சையாகக் கடிக்கும்.

"பாம்பு எதுவென்று தெரியாமல் மருத்துவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்?" என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமான ஒரே மருந்து. இரத்தம் உறைகிறதா, இமை தொங்குகிறதா என்று பார்த்தே சிகிச்சை முடிவாகும். படம் இருந்தால் உதவி. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டுவிரியன் கடியில் பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை கனத்து, விழுங்கத் திணறினால், கடித்தடம் காணாவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். யாரையும் கடிக்காமல் வீட்டுக்குள் நிற்கும் பாம்புக்கு, எந்த இனமென்று தோன்றினாலும், தீயணைப்பு நிலையத்தை அழைப்பதே சரி.