அதே இடத்தில் மீண்டும் ஏன்?

ஸ்கூட்டரில் இருந்து சறுக்கி விழுந்து ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். புண் ஆறிவிடுகிறது. ஆனால் இரண்டு வாரம் கழித்து, சிராய்ப்பு போன கோட்டிலேயே தோல் தடித்து, மேலே வெள்ளையாகச் செதில் படிகிறது. சொரியாசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு இப்படி வருவதை ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். வெளியிலிருந்து எந்தக் கிருமியும் தொற்றி இந்தத் தடிப்பு உண்டாவதில்லை. அதனால் இவர்களைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்கிவைப்பது பெரிய அநியாயம்.

தோல் மருத்துவர் அந்தத் தடிப்பைக் கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். மெழுகுவர்த்தியைச் சுரண்டினாற்போலச் செதில் வெள்ளையாக உதிரும். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள் துளிர்க்கும். இந்த இரண்டுக்கும் காரணம் அடியில் இருக்கிறது. மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல், மேலே வந்து உதிரச் சாதாரணமாக ஒரு மாதம் போல ஆகும். அதற்குள் உட்கருவை இழந்து, தட்டையாகி, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துவிடும். சொரியாசிஸில் அந்தப் பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் உட்கருவோடும், ஒன்றோடொன்று ஒட்டியபடியும் மேலே வந்து குவிகின்றன. அதுதான் செதில். இத்தனை செல்களுக்கும் தீனி போட ரத்த நாளங்கள் விரிந்து, சுருண்டு, மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. லேசாகச் சுரண்டினாலே ரத்தம் கசிவது அதனால்தான்.

இந்த அவசரத்தைக் கிளப்பிவிடுவது நம் நோய் எதிர்ப்பு மண்டலமே. அடிபட்ட தோல் செல்கள் கிருமியை எதிர்க்க ஒரு புரதத்தை வெளியிடும். சிதைந்த செல்களின் டிஎன்ஏவோடு அது சேர்ந்துகொண்டால், தோலில் உள்ள காவல் செல்கள் சில அதை வைரஸ் என்று எண்ணிவிடுகின்றன. அந்த அபாய அறிவிப்பைக் கேட்டு மற்றக் காவல் செல்கள் இன்டர்லூக்கின் 23 என்ற சேதிப் புரதத்தைச் சுரக்க, அதனால் தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்லூக்கின் 17-ஐக் கொட்டுகின்றன. கேண்டிடா போன்ற பூஞ்சைகளிடமிருந்து நம்மைக் காக்கும் நல்ல புரதம் அது. ஆனால் அதன் கட்டளையைக் கேட்ட தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதோடு, இன்னும் அதிக டி செல்களையும் வெள்ளணுக்களையும் அழைக்கும் ரசாயனங்களையும் வெளியிடுகின்றன. வந்து சேர்ந்தவை மேலும் இன்டர்லூக்கின் 17-ஐச் சுரக்கின்றன. புண் ஆறிய பிறகும் தடிப்பு அடங்காததற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

மேல்தோலுக்குள்ளேயே கைகளை விரித்து உட்கார்ந்திருக்கும் காவலர்கள் லாங்கர்ஹான்ஸ் செல்கள். பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868-ல் இவற்றைக் கண்டு, நரம்பு செல்கள் என்றே நினைத்தார். எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று உறுதிப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தோலில் ஏதாவது உறுத்தினால் இவை நிணநீர்க் கணுவுக்குக் கிளம்பிப்போய்ச் செய்தி சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களின் தடிப்பில்லாத தோலில்கூட இவை கிளம்பத் தயங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவை அழற்சியை வளர்க்கின்றனவா, அடக்குகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இன்டர்லூக்கின் 17-இன் பங்கில் அப்படிச் சந்தேகமில்லை. அதை மட்டும் பிடித்து முடக்கும் செக்குகினுமாப் ஊசிக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்ட பலருக்கு மூன்று நான்கு மாதங்களில் தோல் ஏறக்குறைய தெளிந்துவிட்டது. சிலருக்கு வாயில் கேண்டிடா பூஞ்சை வருகிறது, காவலைத் தளர்த்தியதன் விலை அது. ஊசியைத் தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள்.

நம் நிறத் தோலில் தடிப்பு சிவப்பாக இல்லாமல் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரிவதால், படர்தாமரை என்று எண்ணிக் கடையில் களிம்பு வாங்குவோர் நிறையப் பேர். படர்தாமரையில் பெரும்பாலும் நடுப்பகுதி தெளிந்து ஓரம் மட்டும் படரும். சொரியாசிஸில் தடிப்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பூஞ்சை தேடிப் பார்க்கலாம். இதைவிட ஆபத்தானது, சீக்கிரம் அடங்கட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வது. தடிப்பு மளமளவென்று மறையும். மருந்தை நிறுத்தியதும் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளங்களாகத் திரும்பி, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வரலாம். தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

சரி, தெளிந்த தோலில் அதே இடத்திலேயே ஏன் திரும்ப வருகிறது? அழற்சி அடங்கினாலும், அங்கு வந்த டி செல்களில் ஒரு பகுதி திரும்பிப் போவதில்லை. மேல்தோலிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி, சின்னத் தூண்டுதல் கிடைத்தாலும் மறுபடி இன்டர்லூக்கின் 17-ஐச் சுரக்கின்றன. கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் பழைய இடத்தில், கால்சிபோட்ரியால் கலந்த ஸ்டீராய்டு பூச்சை வாரம் இரண்டு நாள் தொடர்ந்து பூசச் சில மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.