எது முடிந்தால் எது தொடங்கும்?

தளம் போடுவதற்கு முந்தைய நாள் ஒரு வீட்டின் மாடியில் ஏறிப் பார்த்தால், வேலைகளின் வரிசை அடுக்கடுக்காகக் கண்ணுக்குத் தெரியும். அடியில் சென்ட்ரிங் தகடுகள். அவற்றின் மேல் கவர் பிளாக் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் கட்டிய கம்பி வலை. அந்த வலையின் மேல், ஃபேன் பாக்ஸிலிருந்து சுவரை நோக்கி ஓடும் எலெக்ட்ரிக் பைப்புகள். விட்டத்தை ஒட்டிய இடங்களில் பைப்புக்கும் மேலே இன்னொரு வரிசைக் கம்பி. எலெக்ட்ரீஷியன் ஒரு நாள் முந்தி வந்தால் பைப்பைக் கட்டுவதற்குக் கம்பி இருக்காது. ஒரு நாள் பிந்தி வந்தால் பைப் போக வேண்டிய இடத்தில் கான்கிரீட் இறுகியிருக்கும். பிறகு தளத்தைத் துளைக்க வேண்டும், துளைக்கும்போது கம்பி அறுபடலாம்.

ஒரு வேலை முடிந்தால்தான் இன்னொன்று தொடங்க முடியும் என்ற இந்த உறவைக் கணக்காக மாற்றலாம் என்று காட்டியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். ட்யூபான்ட் வேதித் தொழில் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 1957-ல் இந்த வேலையில் இறங்கினார்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தினால், நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ட்யூபான்டுக்கு நஷ்டம். இருவரும் உருவாக்கிய முறையை லூயிவில் நகர ஆலையில் பயன்படுத்தியபோது, சராசரியாக 125 மணி நேரம் பிடித்த பராமரிப்பு நிறுத்தம் 93 மணி நேரமாகக் குறைந்தது. அந்த முறைக்கு ‘கிரிட்டிக்கல் பாத்’ என்று பெயர். நாம் நெருக்கடிப் பாதை என்று சொல்லலாம்.

ஆலைக்குப் பதில் நம் வீட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஹால், இரண்டு படுக்கையறை, குளியலறையோடு சேர்ந்த சமையலறை என்று நான்கு பகுதிகள். சுவர் எழும்பி, கதவு நிலைகள் நின்றுவிட்டன. இனி சென்ட்ரிங் அடிப்பதிலிருந்து தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது வரை எத்தனை நாள்? நாள் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், ஒரு மாதிரிக் கணக்கைத்தான் போடுகிறேன்.

சென்ட்ரிங் 4 நாள், கம்பி கட்ட 3, பைப் பதிக்க 1, கான்கிரீட் போட 1. ஆக 9 நாள். பிறகு தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது, அதற்கு நாள் தேவை. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் போட்ட, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாளுக்குப் பிறகு எடுக்கலாம் என்கிறது. அதைவிட அகலமான தளத்துக்கு 14 நாள். இன்று பெரும்பாலும் வாங்கப்படும் சாம்பல் கலந்த சிமென்ட் இன்னும் மெதுவாக வலுவேறும் என்பதால், சிறிய தளத்துக்கும் 14 நாள் விடுவது பாதுகாப்பு. நாமும் அப்படியே வைத்துக்கொண்டால், 23 நாள் முடிந்த பிறகு சென்ட்ரிங்கைப் பிரிக்கத் தொடங்கலாம். பிரிக்க 2 நாள். முட்டுக் கம்புகள் நிறைந்த அறைக்குள் வேறு யாரும் வேலை செய்ய முடியாது. 25 நாள் ஆனபின்தான் எலெக்ட்ரீஷியன் உள்ளே போய்ச் சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பார், அதற்கு 4 நாள். அடுத்து உள்பூச்சு 8 நாள், பூச்சுக்குத் தண்ணீர் விட 7 நாள், டைல்ஸ் 6 நாள். மொத்தம் 50 நாள்.

இந்தச் சங்கிலிக்கு வெளியே இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிளம்பரும் சென்ட்ரிங் பிரித்த பிறகு வந்து 3 நாளில் குழாய் பதிக்கிறார். 28-வது நாளோடு அவர் வேலை முடியும். பூச்சு தொடங்குவது 29 நாள் முடிந்த பிறகு. ஆகவே அவருக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. அவர் ஒரு நாள் வராவிட்டால் ஒன்றும் கெடாது. இரண்டு நாள் வராவிட்டால் வீடே ஒரு நாள் தள்ளிப்போகும். இரண்டாவது, தச்சர். தம் பட்டறையில் கதவுகளைச் செய்ய அவருக்கு 20 நாள். டைல்ஸ் முடிந்த பிறகுதான் கதவை மாட்ட வேண்டும். 50-வது நாளுக்குக் கதவு தயாராக இருந்தால் போதும் என்பதால், அவர் 30 நாள் கழித்துக்கூடத் தொடங்கலாம்.

கெல்லியும் வாக்கரும் கணினியிடம் கேட்டது இதைத்தான். முதல் வேலையிலிருந்து முன்னோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு வேலையும் எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியும் என்று தெரியும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போனால், எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்று தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அவகாசம். அவகாசம் துளியும் இல்லாத வேலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீளும். அந்தத் தொடர்தான் நெருக்கடிப் பாதை.

வேலை தாமதமாகும்போது வீட்டுக்காரர் எல்லாரையும் சேர்த்து விரட்டுவதால் ஏன் பலனில்லை என்பதற்கும் இதுவே விடை. தச்சருக்கு இரண்டு ஆள் கூடுதலாகக் கொடுத்தாலும் வீடு ஒரு மணி நேரம்கூட முந்தாது. பாதையில் உள்ள 50 நாளில் 21 நாள் தண்ணீர் விட்டுக் காத்திருக்கும் நாள். அந்த நாட்களைக் கூலி கொடுத்துக் குறைக்க முடியாது. அவசரத்தில் மனிதர்கள் கை வைப்பதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். முட்டுகளை முன்னதாகப் பிடுங்கினால் தளம் தொய்ந்து வெடிப்பு விழும். தண்ணீர் விடாத பூச்சில் மெல்லிய கீறல்கள் வலைபோலப் படரும், தட்டினால் சில இடங்களில் பொள்ளல் சத்தம் கேட்கும்.

அப்படியென்றால் 50 நாளைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. ‘காடி வெட்டி முடித்தால்தான் பூச்சு’ என்ற விதியை இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். ஹாலில் பூசுவதற்கு ஹாலில் காடி வெட்டியிருந்தால் போதும், சமையலறையில் வெட்டியிருக்க வேண்டியதில்லை. வேலை முழுவதும் இன்னொரு வேலை முழுவதையும் சார்ந்திருப்பதாக நாம் எழுதிக்கொண்டோம். உண்மையில் ஓர் அறையின் பூச்சு அந்த அறையின் காடியை மட்டுமே சார்ந்திருக்கிறது.

வேலையை அறை வாரியாகப் பிரிப்போம். காடி ஓர் அறைக்கு 1 நாள், பூச்சு 2 நாள், டைல்ஸ் ஒன்றரை நாள். எலெக்ட்ரீஷியன் 26-வது நாளில் ஹாலை முடித்து அடுத்த அறைக்குப் போனதும் கொத்தனார் ஹாலில் நுழைகிறார். ஹாலின் பூச்சு 28-ல் முடிகிறது, கடைசி அறையின் பூச்சு 34-ல். ஹாலுக்கு 7 நாள் தண்ணீர் விட்டு முடிக்கும்போது 35. டைல்ஸ்காரர் அங்கே தொடங்கி, தண்ணீர் காலம் முடிய முடிய அடுத்தடுத்த அறைக்குள் போகிறார். கடைசி அறைக்கு 41 நாள் ஆனபின் அவர் நுழையலாம், ஒன்றரை நாளில் டைல்ஸ் முழுவதும் முடியும். 50 நாள் 42½ ஆகிவிட்டது. ஓர் ஆள்கூடக் கூடவில்லை, எந்தச் சுவருக்கும் தண்ணீர் ஒரு நாளும் குறையவில்லை. சமையலறையைக் கடைசியாக வைத்துக்கொண்டால் அங்கே பூச்சு 32 நாள் முடிந்த பிறகுதான் தொடங்கும், பிளம்பருக்கு ஒரு நாளாக இருந்த அவகாசம் நான்கு நாளாகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வரிசையே போட முடியாததுபோல் தோன்றும் சிக்கலும் இப்படித்தான் அவிழும். ‘தரை மட்டம் தெரியாமல் கதவைச் சரியாக மாட்ட முடியாது’ என்கிறார் தச்சர். ‘வாசலில் மரவேலை முடியாமல் டைல்ஸை அளந்து வெட்ட முடியாது’ என்கிறார் டைல்ஸ் மேஸ்திரி. இருவர் சொல்வதும் நியாயம், ஆனால் அப்படியே எழுதினால் யாரும் முதலில் தொடங்க முடியாது. இத்தகைய வட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றை ஆர்தர் கான் 1962-ல் வெளியிட்டார். எதற்காகவும் காத்திராத வேலையை எடுத்து வரிசையில் வையுங்கள், பட்டியலிலிருந்து அதை அடித்துவிடுங்கள். அதற்காக மட்டுமே காத்திருந்தவை இப்போது விடுபடும், அவற்றை எடுங்கள். கடைசிவரை போனால் சரியான வரிசை கையில் இருக்கும். வேலைகள் மிச்சமிருந்தும் எடுக்க ஒன்றுமே இல்லையென்றால், மிச்சத்துக்குள் ஒரு வட்டம் இருக்கிறது. நம் வட்டத்தில் ‘மரவேலை’ என்று ஒன்றாக எழுதியதுதான் தவறு. டைல்ஸுக்குத் தேவை நிலை, அது சுவரோடு நின்றுவிட்டது. தரைக்காகக் காத்திருப்பது கதவு, அதன் அடிப்பக்கத்தை இழைத்து மாட்டுவது கடைசி வேலை. இரண்டாகப் பிரித்ததும் வட்டம் உடைகிறது.

பட்டியலில் இல்லாத சார்பைக் கணக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிப் போய், ஒவ்வொருவரிடமும் ‘நீங்கள் வரும்போது என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?’ என்று கேட்பது நல்லது. ‘எப்போது வருவீர்கள்?’ என்று கேட்டால் தேதி கிடைக்கும், சார்பு கிடைக்காது. குளியலறைத் தளத்தில் குழாய் இறங்கத் துளை விட வேண்டும் என்பது பிளம்பருக்குத் தெரியும். ஆனால் அவர் முதல்முறை வருவதே தளம் போட்ட பிறகு என்றால், அதை யாரிடம் சொல்வார்? ஆள் பற்றாக்குறையும் ஒரு சார்புதான். ஒரே கொத்தனார் குழு உள்பூச்சையும் வெளிப்பூச்சையும் செய்வதென்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அந்த இரண்டு வேலைகளும் வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

ஒரு பாதையைச் சுருக்கினால் மற்ற வேலைகளின் அவகாசமும் மாறும் என்பதால், கணக்கை மறுபடி போட வேண்டும். கதவு இப்போது 42½ நாளுக்குள் வேண்டும், ஆகவே தச்சர் 22½ நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. டைல்ஸ் சொல்லி 10 நாளில் வரும் என்றால், பழைய கணக்கில் 34-வது நாள் வரை கடைகடையாக ஏறிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். புதிய கணக்கில் ஹாலுக்கு 35-லேயே டைல்ஸ் வேண்டும். சென்ட்ரிங் பிரித்து முடிகிற 25-வது நாளுக்குள், சுவரில் ஒரு பிடி கலவைகூட ஏறாத நிலையில், எந்த டைல்ஸ் என்று வீட்டுக்காரர் முடிவு செய்து முன்பணம் கட்டியிருக்க வேண்டும்.