ஒரு ‘செய்யிறன்’, பல ஆங்கிலம்

கைபேசியை எடுத்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன செய்யிறாய்?” என்பதுதான். மறுமுனையில் இருப்பவர் “சாப்பிடுறன்” என்பார், “பஸ்ஸுக்கு நிக்கிறன்” என்பார், “சும்மா இருக்கிறன்” என்பார். அதே கேள்வியை, வவுனியா பஸ்ஸில் பல வருடங்களுக்குப் பிறகு கண்ட பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கேட்டுப் பாருங்கள். “கச்சேரியில வேலை செய்யிறன் அன்ரி” என்று பதில் வரும். சொல் மாறவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. முதலாவது, இந்த நிமிடத்தில் கையில் என்ன வேலை என்று கேட்கிறது. இரண்டாவது, பிழைப்புக்கு என்ன தொழில் என்று கேட்கிறது. தமிழில் யாரும் குழம்புவதில்லை. இடம், ஆள், குரல் மூன்றும் சேர்ந்து பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆங்கிலம் அப்படி விடாது. கைபேசிக் கேள்விக்கு அங்கே “வட் ஆர் யூ டூயிங்?”. பஸ்ஸில் கேட்டதற்கு “வட் டூ யூ டூ?”. மாற்றிக் கேட்டால் விடையும் மாறிப்போகும். நேர்முகத் தேர்வில் “வட் டூ யூ டூ?” என்று கேட்டவரிடம் “ஐ ஆம் சிட்டிங் ஹியர்” என்று சொன்னால் அவர் சிரிப்பார், இலக்கணத்தில் ஒரு பிழையும் இராது.

இந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நாம் பள்ளிக்கூடத்தில் கொப்பியில் எழுதிய அட்டவணையிலிருந்துதான். ஒரு பக்கம் “ஐ டூ”, அதற்கு நேரே “நான் செய்கிறேன்”. அடுத்த வரியில் “ஐ ஆம் டூயிங்”, அதற்கு நேரே “நான் செய்துகொண்டிருக்கிறேன்”. ஆங்கிலத்தில் இரண்டு பெட்டி இருந்ததால் தமிழிலும் இரண்டு பெட்டி வேண்டியிருந்தது. அந்த இரண்டையும் நிரப்ப எழுத்துத் தமிழிலிருந்து இரண்டு வடிவங்களை எடுத்து வைத்தார்கள். தேர்வுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து பேசும்போது கவிழ்த்துவிடுகிறது. பேச்சில் நாம் “சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்” என்று எப்போது சொல்கிறோம்? யாராவது “உடனை வா” என்று கூப்பிட்டால் சொல்கிறோம். பாதியில் நிற்கிறேன், எழும்ப முடியாது என்று அழுத்த வேண்டிய இடத்துக்கு அந்த நீண்ட வடிவம். மற்ற நேரமெல்லாம் “சாப்பிடுறன்” போதும். அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளை என்ன செய்யும்? “சாப்பிடுறன்” என்பதில் ‘கொண்டிரு’ இல்லை, ஆகவே “ஐ ஈட்” என்று முடிவெடுக்கும். மறுமுனையில் இருப்பவருக்கு “நான் உணவு உண்ணும் வழக்கம் உடையவன்” என்பதுபோல் கேட்கும்.

இது நமது சோம்பலால் வந்த பேச்சுக் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என்று மூன்றைச் சொல்கிறது. அவற்றுக்குள்ளே ஒன்று வழக்கத்துக்கு, மற்றது நடந்துகொண்டிருப்பதற்கு என்று பங்கு பிரிக்கவில்லை. தமிழ் நிகழ்காலம் அன்றிலிருந்தே அகலமானது. ஆகவே வினையின் வாலைப் பார்த்து ஆங்கிலக் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேறு எங்கேயோ பார்க்க வேண்டும்.

எங்கே என்பதில்தான் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பேசும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நமது பேச்சில் இன்னொரு வடிவம் உண்டு: செய்யிறனான், போறனான், வாறவர், குடிக்கிறனீங்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. வீட்டில் நாளுக்குப் பலதரம் காதில் விழும். “நான் சைக்கிளிலதான் பள்ளிக்கூடம் போறனான்” என்றால் இப்போது சைக்கிளில் ஏறியிருக்கிறேன் என்று பொருளில்லை, அது என் வழக்கம். “உங்கட அப்பா என்ன செய்யிறவர்?” என்றால் தொழிலைக் கேட்கிறோம். ‘செய்யிறவர்’ என்பது இலக்கணத்தில் வினையாலணையும் பெயர், ‘செய்கின்ற ஆள்’. ஓர் ஆளைப் பற்றிய நிலையான செய்தி அது.

ஒரு வீட்டுக்குப் போகிறோம் என்று வையுங்கள். வீட்டுக்கார அம்மா “தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்கிறா. அது உபசாரம், ஆங்கிலத்தில் “வுட் யூ லைக் சம் டீ?” என்றுதான் வரும், நிகழ்காலமே அங்கில்லை. நீரிழிவுக்காரர் ஒருவரைப் பார்த்து “நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?” என்றா என்றால், அது வழக்கத்தை விசாரிப்பது: “டூ யூ டிரிங்க் டீ?”. அடுப்படியிலிருந்து குரல் கொடுத்து “அவர் என்ன செய்யிறார், தேத்தண்ணி குடிக்கிறாரோ?” என்றா என்றால், கோப்பை கையில் இருக்கிறதா என்ற கேள்வி: “இஸ் ஹீ டிரிங்கிங் டீ?”.

ஆகவே சோதனை இதுதான். ஆங்கிலத்தில் சொல்லுமுன் அந்தத் தமிழ் வசனத்தை மனதுக்குள் ‘-றனான்’ என்றோ ‘-றவர்’ என்றோ மாற்றிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம், “ஐ டூ”. ‘கொண்டிருக்கிறன்’ என்று நீட்டினால்தான் பொருத்தமாக இருக்கிறது என்றால் “ஐ ஆம் டூயிங்”. ஓர் எச்சரிக்கை மட்டும்: ‘முந்தி’ என்ற சொல் கூட வந்தால் இந்தச் சோதனை காலை வாரிவிடும். “முந்தி நான் பாட்டுப் பாடுறனான்” என்பது விட்டுப்போன பழக்கம். ஆங்கிலத்தில் அது “ஐ யூஸ்ட் டு சிங்”.

இருத்தலைச் சொல்லும் வினைகளில்தான் விடயம் கனக்கிறது. “எங்க நிக்கிறாய்?” என்று கேட்டால் “பரந்தன் சந்தியில நிக்கிறன்” என்கிறோம். கதிரையில் உட்கார்ந்திருந்தாலும் ‘நிக்கிறன்’தான். அதை “ஐ ஆம் ஸ்டாண்டிங்” என்று பெயர்க்கக் கூடாது. “ஐ ஆம் அட் பரந்தன் ஜங்ஷன்” போதும். “பரந்தனில இருக்கிறன்” என்றால் குடியிருப்பு: “ஐ லிவ் இன் பரந்தன்”. இதுவரை சுகம். ஆனால் ‘இருக்கிறன்’ என்பதற்குள்ளேயே இன்னொரு பிரிவு ஒளிந்திருக்கிறது.

2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்த ஒரு கிளிநொச்சிக் குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். வெளிநாட்டு அதிகாரி ஒருவர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். “மெனிக் பாமில இருக்கிறம்” என்கிறது குடும்பம். மொழிபெயர்ப்பவர் “வீ லிவ் இன் மெனிக் பாம்” என்று சொன்னால், அதுவே எங்கள் ஊர் என்று ஆகிவிடும். “வீ ஆர் லிவிங் இன் மெனிக் பாம்” என்றால் இப்போதைக்கு இங்கே, ஊர் வேறு என்று அதிகாரிக்கு விளங்கும். ஆங்கிலத்தின் ‘-இங்’ தறப்பாள் கொட்டில் மாதிரி, சாதாரண நிகழ்காலம் கல்வீடு மாதிரி. கொட்டிலுக்குள் ஒரு கிழமையும் இருக்கலாம், வருடக்கணக்காகவும் இருக்க நேரலாம். அதற்குள் இருப்பவர் அதைத் தற்காலிகம் என்று நினைக்கும்வரை அது கொட்டில்தான். ‘இங்’ என்றால் இந்த நிமிடம் நடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நிமிடக் கணக்கு அதற்கு இல்லை. பேசுபவர் அந்த நிலைமையை முடிவுள்ளதாகப் பார்க்கிறாரா என்பதுதான் கணக்கு.

அந்த முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசிவரை இருந்தவர்கள் அப்போது “மூண்டு வருசமா இங்கதான் இருக்கிறம்” என்று சொல்லியிருக்கலாம். தமிழில் அதே ‘இருக்கிறம்’. ஆங்கிலத்தில் “வீ ஆர் லிவிங் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்” என்று சொல்ல வாய் வரும், வரக் கூடாது. முன்பு தொடங்கி இன்னும் விடாமல் நீளும் ஒன்றுக்கு அங்கே தனி வடிவம்: “வீ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்”. வசனத்தில் ‘வருசமா’, ‘நாளா’, ‘காலமையில இருந்து’ போன்ற சொல் தலைகாட்டினால், வினையைப் பார்க்காமலே ‘ஹேவ்’ பக்கம் திரும்பிவிடுவது நல்லது.

கொட்டிலுக்குள் அடங்காத வினைகளும் ஆங்கிலத்தில் உண்டு. “விளங்குது” என்பதற்கு “ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்” என்று சொல்வதில்லை, “ஐ அண்டர்ஸ்டாண்ட்”தான். “எனக்கு ரெண்டு அண்ணன்மார் இருக்கினம்” என்பதற்கு “ஐ ஹேவ்”. அறிதல், விரும்புதல், உடைமை இவையெல்லாம் பாதியில் நிற்கும் வேலைகள் அல்ல என்று ஆங்கிலம் கருதுகிறது.

இனி ஓர் உரையாடலை முழுதாகப் பார்ப்போம். இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்யும் ஒருவர், சிறுபோகத் தொடக்கத்தில், வங்கிக் கடனுக்கு வந்த உத்தியோகத்தரிடம் சொல்கிறார்: “நான் கமம் செய்யிறன். பத்து வருசமா இந்தக் காணியைத்தான் செய்யிறன். இப்ப உழுறம். நாளைக்கு விதைக்கிறம்.” நாலு வசனத்திலும் நிகழ்காலம். முதலாவதை ‘செய்யிறனான்’ என்று மாற்றிப் பார்த்தால் சரியாக நிற்கிறது. ஆகவே “ஐ ஃபார்ம்”. இரண்டாவதில் ‘வருசமா’ இருக்கிறது. “ஐ ஹேவ் பீன் ஃபார்மிங் திஸ் லேண்ட் ஃபோர் டென் இயர்ஸ்”. மூன்றாவது இந்தக் கிழமை வேலை. உத்தியோகத்தருடன் கதைக்கும்போது உழவு இயந்திரம் நிழலில் நின்றாலும் பரவாயில்லை, “வீ ஆர் ப்ளவிங்”.

நாலாவதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ‘நாளைக்கு’ என்று வந்ததால் “வீ வில் சோ” என்று எழுதுவார்கள். பிழை என்று அடித்துவிட முடியாது, ஆனால் அது அந்த இடத்திலேயே எடுத்த முடிவுபோல் ஒலிக்கும். இவருடைய நிலைமை அப்படியா? விதைநெல் ஊறப்போட்டாயிற்று, ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. இப்படி ஏற்பாடு முடிந்த நாளைய வேலைக்கு ஆங்கிலமும் நம்மைப் போலவே நிகழ்காலத்தைத்தான் எடுக்கிறது: “வீ ஆர் சோயிங் டுமாரோ”. பொல்லாத ‘வில்’லை இங்கே இழுக்காமல், வாயில் வந்த தமிழை நம்பிப் போகலாம்.