பரோட்டா மாவின் இழுவையும் சிறுகுடலின் சண்டையும்

தேக்காவில் காலைப் பசியாறப் போகும்போது பரோட்டா போடுபவரின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கைப்பிடி அளவு மைதா உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி, பின்னால் இருக்கும் மேசை தெரிகிற அளவுக்கு மெல்லிய திரையாக்கிவிடுவார். கிழியாது. இதே வேலையை அரிசி மாவில் செய்யச் சொன்னால் அவராலும் முடியாது. உதிர்ந்துவிடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம்.

உண்மையில் அது ஒரு புரதம் அல்ல, புரதக் கூட்டணி. கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. குளூட்டனின் மாவுக்கு மீள்தன்மை தருகிறது. கிளையடின் அது நீண்டுகொடுக்க வைக்கிறது. பார்லியிலும் ரை தானியத்திலும் கிளையடினின் நெருங்கிய உறவுகள் உள்ளன. அவற்றுக்கு ஹார்டீன், செக்கலின் என்று பெயர்.

இந்த வலையை வீட்டிலேயே கையில் எடுத்துப் பார்க்கலாம். 100 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் மெதுவாகப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். மாவுச்சத்து வெள்ளையாகக் கரைந்து போகும். நான்கைந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகு மெல்லும் கோந்து போல ஒரு கட்டி மிஞ்சும். அதுதான் குளூட்டன். நம் காப்பிக்கடைகளில் சைவ பீஹூன் விற்கும் கடைகளில் கிடைக்கும் ‘சைவ வாத்து’ பெரும்பாலும் இதே கட்டியைச் சுவையூட்டிச் சமைத்ததுதான். கேழ்வரகு மாவிலும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். கையில் எதுவும் மிஞ்சாது.

கத்தரிக்கோல் நழுவும் இடம்

நாம் உண்ணும் எந்தப் புரதத்தையும் செரிமான நொதிகள் கத்தரிக்கோல் போலத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ஆனால் குளூட்டன் புரதங்களில் புரோலின், குளூட்டமைன் என்ற இரு அமினோ அமிலங்கள் அளவுக்கு அதிகமாக உள்ளன. புரோலின் வளைந்த வடிவம் கொண்டது. அது நெருக்கமாக வரும் இடத்தில் நம் நொதிகளால் சரியாகப் பிடித்து வெட்ட முடியாது. அதனால் வெட்டுப்படாத நீளமான துண்டுகள் சிறுகுடல்வரை வந்து சேர்கின்றன. அவற்றில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ளது.

இது எல்லாருக்கும் நடப்பதுதான். பரோட்டா சாப்பிட்ட உங்கள் குடலிலும் என் குடலிலும் அந்தத் துண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு அவை எந்தத் தொல்லையும் தராமல் போய்விடும்.

சீலியாக் நோய் உள்ளவருக்குக் கதை மாறுகிறது. குடல் சுவரில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதி உண்டு. காயம் ஆறுவதற்கு உதவுவது அதன் வழக்கமான வேலை. அது இந்தத் துண்டுகளில் உள்ள குளூட்டமைனைச் சில இடங்களில் குளூட்டாமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அதனால் துண்டுக்கு எதிர்மின்னூட்டம் கிடைக்கிறது. சிலருடைய நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் மேல் DQ2 அல்லது DQ8 என்ற ஏந்திகள் இருக்கும். மின்னூட்டம் பெற்ற துண்டு அந்த ஏந்திக்குள் பூட்டில் சாவி போலப் பொருந்திக்கொள்ளும். அதைக் கண்ட டி உயிரணுக்கள் கிருமி புகுந்துவிட்டது என்பதுபோல் சண்டையைத் தொடங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், உடல் கோதுமைத் துண்டை மட்டும் எதிர்க்காமல், தன் சொந்த நொதியான டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிராகவும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அதனால்தான் இதை ஒவ்வாமை என்று சொல்லாமல் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம்.

சண்டையில் சேதமடைவது குடலுறிஞ்சிகள். விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய அவை தேய்ந்து தட்டையாகின்றன. உறிஞ்சும் பரப்பு குறைகிறது. சேதம் பெரும்பாலும் சிறுகுடலின் முதற்பகுதியில்தான் தொடங்கும். இரும்புச்சத்து உறிஞ்சப்படும் இடமும் அதுவே.

“நமக்கெல்லாம் அது வராது”

என் முன்னாள் மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம் என்றாள், உயர்நிலை மூன்றில் படிக்கும்போது எப்போதும் களைப்பாக இருப்பாள். வயிற்று வலியோ வயிற்றுப்போக்கோ பெரிதாக இல்லை. இரத்தத்தில் இரும்பு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை. உறிஞ்ச வேண்டிய இடம் பழுதாகியிருந்தால் மாத்திரை என்ன செய்யும்? சீலியாக் நோயாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னபோது அவள் பாட்டி நம்பவில்லை. “அது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கெல்லாம் வராது” என்றாராம்.

பாட்டி சொன்னது முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். வேலூரில் பணியாற்றிய மருத்துவர் ராமகிருஷ்ணாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்து 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் வெறும் 0.10 விழுக்காட்டினரிடமும் இருந்தது. பன்னிரண்டு மடங்கு வேறுபாடு! தென்னிந்தியர்களிடம் அந்த ஏந்திக்கான மரபணு குறைவோ என்று தோன்றும். அதையும் பார்த்தார்கள். வடக்கில் 38.1 விழுக்காடு, தெற்கில் 36.4 விழுக்காடு. ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரிதாக மாறுபட்டது தட்டில் இருந்த உணவு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கில் 25 கிராம். பூட்டு எல்லாரிடமும் இருக்கிறது, தெற்கில் சாவி குறைவாக வந்தது என்று சொல்லலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், தெற்கைவிடச் சற்றே அதிகம். அங்கே எதிர்ப்பொருள் 0.87 விழுக்காட்டினரிடம் இருந்தது. ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே முழு விடை ஆகாது. என் வகுப்பில் இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதினால் முதல் இரண்டை மட்டும் பார்த்து முடிவெழுதும் மாணவர்களே அதிகம். மூன்றாவது எண்தான் எனக்குப் பிடித்தது.

சிங்கப்பூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை உண்பது பாட்டி காலத்துத் தென்னிந்தியத் தட்டை அல்ல. காலையில் ரொட்டி, இடைவேளையில் மீ கோரிங், மாலையில் பரோட்டா, இரவில் மால்ட் பானம். என் மாணவிக்கு மரபணு இருந்தது, கோதுமையும் தாராளமாக வந்தது.

முதலில் சோதனை, பிறகு பத்தியம்

அவள் வீட்டில் ஒரு தவறு நடந்தது. சந்தேகம் வந்ததும் உறவினர் ஒருவர் சொன்னபடி கோதுமையை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மருத்துவமனைக்குப் போனபோது, மீண்டும் தினமும் கோதுமை சாப்பிட்டு ஆறு வாரம் கழித்து வரும்படி மருத்துவர் சொன்னார். காரணம் எளிது. முதல் சோதனை, இரத்தத்தில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளைத் தேடுவது. அடுத்தது, குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு திசுத் துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. குளூட்டன் நின்றுவிட்டால் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், குடலுறிஞ்சிகள் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் சோதனை ‘இல்லை’ என்று காட்டிவிடக்கூடும். மரபணுச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவும் முடியாது. மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மரபணு இருக்கிறதே!

வயிறு உப்புகிறது, கோதுமையை விட்டால் நன்றாக இருக்கிறது, ஆனால் எதிர்ப்பொருளும் இல்லை, குடலும் சரியாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. கோதுமை ஒவ்வாமையும் இல்லையென்றால் இதைச் சீலியாக் அல்லாத குளூட்டன் கூருணர்வு என்பார்கள். இதற்கென்று இரத்தச் சோதனை எதுவும் கிடையாது. அந்தப் பெயர்கூடச் சரியா என்பதே கேள்வி. நார்வேயில் இத்தகைய 59 பேருக்கு, பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் மூன்று வகைத் தானியக் கட்டிகளை வகைக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலி, ஒன்றில் இரண்டும் இல்லை. எந்த வாரம் எது என்று உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. அதிகத் தொல்லை குளூட்டன் வாரத்தில் வந்தது 13 பேருக்குத்தான். 24 பேருக்கு ஃபிரக்டான் வாரத்தில். மீதி 22 பேருக்கு ஒன்றுமே சேர்க்காத கட்டி தின்ற வாரத்தில்!

ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. பரோட்டாவை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரைத் தொடர்பவர் குற்றவாளியைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். இவர்களுக்கு உண்டாகும் வலி பொய்யல்ல. ஆனால் குடலுறிஞ்சிகள் அழிவதில்லை என்பதால் கொஞ்சம் கோதுமை உள்ளே போனாலும் சீலியாக்கில் போன்ற ஆபத்து இல்லை.

ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

சீலியாக் உள்ளவருக்கு எவ்வளவு குளூட்டன் அதிகம்? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உண்டால் குடல் சேதமடைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. 50 கிராம் மாவில் செய்த ஒரு பரோட்டாவில் ஏறக்குறைய 4,000 மில்லிகிராம் இருக்கும்.

பரோட்டாவைத் தவிர்ப்பது எளிது. கண்ணுக்குத் தெரிகிறது. பார்லித் தண்ணீர், ரவா இட்லி, சேமியாப் பாயசம், சோயா சாஸ் ஆகியவற்றையும் பழகிக்கொள்ளலாம். மாணவியின் வீட்டில் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருந்தது பெருங்காயத்தூள். சுத்தப் பெருங்காயம் ஒரு செடியின் பிசின்தான். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கணக்குப் போடுவோம். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் தூளில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் 1.5 கிராம் மாவு. மாவில் குளூட்டன் சுமார் 8 விழுக்காடு என்றால் 120 மில்லிகிராம். நால்வர் பகிர்ந்து உண்ணும் சாம்பாரில் ஆளுக்கு 30. ஒரு சிட்டிகை மட்டும் போட்டால் ஆளுக்கு ஐந்துக்குள் அடங்கும். ஆனால் சாம்பார், ரசம், பொரியல் என்று மூன்றிலும் சிட்டிகை விழும்போது கணக்கு 10ஐத் தாண்டிவிடுகிறது.

சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பார்த்தால் போதும். இப்போது அவர்கள் வீட்டில் அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்குகிறார்கள். இரும்புச்சத்து மெல்ல ஏறிவிட்டது. உணவங்காடிக்கு வந்தால் அவள் தோசை கேட்பதில்லை, பரோட்டா போட்ட கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள் என்பதால். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. சாம்பாரை என் பக்கம் தள்ளிவிடுவாள்.