பாட்டுக்கு ஒரு வயது, ஸ்வரத்துக்கு ஒரு வயது

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் கீபோர்டு கற்கும் பெண் ஒருத்தி, 'வாதாபி கணபதிம்' பாட்டுக்கு நோட்டேஷன் தேடினாள். முதலில் வந்த தளத்தில் பச்சையாக ஒரு 'டவுன்லோடு' பொத்தான். அழுத்தினால் இறங்கியது `.apk` கோப்பு. நல்லவேளை, திறக்கவில்லை. ஸ்வரம் எழுதிய தாளுக்கு `.pdf` அல்லது படம் போதும். எதையாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ, இலவசம் என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை எண் கேட்டாலோ மூடிவிட வேண்டியதுதான்.

பழைய கிருதிகளுக்கு இப்படிப்பட்ட தளங்களே தேவையில்லை. நம் சட்டப்படி, இயற்றியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. முத்துஸ்வாமி தீட்சிதர் மறைந்தது 1835இல். அவர் கிருதிகளை ஸ்வரப்படுத்தி எட்டயபுரத்தில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர் 1906இல் காலமானார். ஆகவே அந்த மூல நூல் எல்லோருக்கும் சொந்தம். `ibiblio.org` தளத்தில் அதைப் படிக்கலாம்.

ஆனால் மூலம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. மியூசிக் அகாடமி பின்னாளில் கொண்டுவந்த தமிழ்ப் பதிப்பின் கணக்கு வேறு. பாட்டு பழையது என்பதால் அதை அண்மையில் ஸ்வரப்படுத்தியவரின் உழைப்பும் பழையதாகிவிடாது. கடையில் வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து குழுவில் போடுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

மயிலாப்பூர் வீதிகளில் மார்கழி பஜனை பாடிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. ஸ்வரத்தோடு அச்சான 'கீர்த்தன மாலை'யை விலைக்கு வாங்குவதுதான் முறை.

எங்கிருந்து எடுத்தாலும் ஒருமுறை சரிபாருங்கள். 'வாதாபி' ஹம்ஸத்வனி. அதில் ம, த இரண்டும் கிடையாது. தாளில் தென்பட்டால் பிழை. அடுத்து எண்ணிக்கை. ஆதி தாளத்தின் எட்டு அடிக்கும் நான்கு வீதம் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 வர வேண்டும். குறில் ஒன்று, நெடில் இரண்டு, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. கோடு போட்ட ஸ்வரம் பாதி. 31 வந்தால் எங்கோ ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கலாம்.

சினிமாப் பாட்டின் கார்டுக்குத்தான் சிக்கல். சட்டம் 'இசைப் படைப்பு' என்னும்போது அதை எழுதிவைக்கும் குறியீட்டையும் சேர்த்தே சொல்கிறது. உரிமம் பெற்ற தாள் கிடைக்காவிட்டால் காதால் எழுதலாம். முதலில் பாட்டு வந்து அமரும் ஸ்வரத்தைப் பிடியுங்கள். அது சி, பாட்டு மேஜர் என்றால் சி, எஃப், ஜி, ஏ மைனர் நான்கையும் முதலில் போட்டுப் பாருங்கள். பேஸ் கிட்டார் எந்த ஸ்வரத்துக்கு நகர்கிறதோ, பெரும்பாலும் கார்டும் அங்கேதான் மாறும்.

வீட்டில் வாசிக்க இப்படி எழுதிக்கொள்வதைச் சட்டம் சொந்த உபயோகமாகவே பார்க்கிறது. அதே பக்கத்தை நகலெடுத்து மாணவர்களுக்கு விற்கத் தொடங்கினால், அந்த இசைக்கு உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும்.