29-ஆ, 18-ஆ? மறதியை நோட்டிலேயே பிடிக்கலாம்

பன்னிரண்டாம் அட்டவணையில் எத்தனை பொருள்கள்? குரூப் 4-க்குப் படிப்பவர்கள் எல்லாரும் இதை ஒருமுறையாவது படித்திருப்பார்கள். ஆனாலும் விடைகளில் 18, 29 இரண்டும் பக்கத்தில் நின்றால் பேனா தயங்கும். படித்தது அழிந்துபோகவில்லை. ஒரே மாதிரியான இன்னொரு செய்தியோடு கலந்துவிட்டது.

கலந்தது எது என்று பாருங்கள். 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கானது. பதினோராம் அட்டவணை, 29 பொருள்கள். 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கானது. பன்னிரண்டாம் அட்டவணை, 18 பொருள்கள். இரண்டும் 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்தவை. இவற்றைத் தனித்தனிப் பக்கத்தில் எழுதிப் படித்தால் கலக்கத்தான் செய்யும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரு பிடி கிடைக்கிறது: திருத்த எண்ணும் அட்டவணை எண்ணும் ஒவ்வொன்று ஏறுகின்றன, பொருள்களின் எண்ணிக்கை மட்டும் இறங்குகிறது.

குறிப்பு எழுதும்போது பலர் புத்தகத்தைச் சுருக்கிப் பத்தியாக எழுதிவிடுகிறார்கள். அதைத் திரும்பப் படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டுக் கேட்டால் வாய் வராது. அதனால் குறிப்பைக் கேள்வியாக எழுத வேண்டும். நோட்டின் பக்கத்தை நெடுக்காக மடியுங்கள். இடப்பக்கம் ‘74: யாருக்கு? அட்டவணை? எத்தனை?’ என்று ஒரு வரி. வலப்பக்கம் ‘நகராட்சி, 12, 18’ என்று விடை. விடையை மடித்து மறைத்துவிட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது இடைவெளி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். 1885-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே வர வேண்டும்; அதன்பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

ஜூன் 1 அன்று எழுதிய பக்கத்தின் தலையிலேயே 2, 4, 8, 22 என்று தேதிகளைக் குறித்துவிடுங்கள். அந்தந்த நாளில் அந்தப் பக்கம். தவறிய வரிக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் திரும்பவும் அதைக் கேளுங்கள். இரண்டு புள்ளி விழுந்த வரியை இன்னும் பத்து முறை படிப்பதால் பெரிய பயன் இல்லை. எதனோடு கலக்கிறது என்று தேடி, அந்த எதிராளியை அதே வரியின் கீழே எழுதுங்கள்.

எத்தனை வரி எழுதுவது என்பதிலும் கணக்கு உண்டு. நாளுக்குப் பத்து வரி என்றால், முதல் மூன்று வாரம் கடந்தபின் தினமும் திருப்ப வேண்டியவை நாற்பது. வரிக்குக் கால் நிமிடம் வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும். ஐம்பது வரி எழுதினால் திருப்புதல் இருநூறு ஆகிவிடும். ஒரு வாரம் தாங்காது. திருப்புதல் தேதிகள் தேங்கத் தொடங்கினால், புதிய வரியை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம்.

நடப்பு நிகழ்வுகளுக்குத் தனி நோட்டு போட்டால் அது மாதாமாதம் வீங்கும், எதிலும் ஒட்டாமல் நிற்கும். முடிந்தவரை பழைய வரியோடு கட்டிவிடுவதே நல்லது. 2023-இல் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் வந்தது. உள்ளாட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்பதை 73-உம் 74-உம் முன்பே தந்துவிட்டன; தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் அது 50 சதவீதம். இந்தச் செய்தி அந்தப் பழைய பக்கத்தின் அடியில் சேர்ந்தால், அதைத் திருப்பும் நாளில் இதுவும் திரும்பிவிடுகிறது. மசோதா எண் 128, திருத்த எண் 106 என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கலப்பதற்கு ஏற்ற ஜோடி அது. பதவி நியமனங்களை மட்டும் பென்சிலில், மாதத்தோடு எழுதுங்கள். ஆள் மாறினால் அழித்து எழுதலாம்; பழைய பெயர் நினைவில் போட்டி போடாது.

இந்த முறை ஒற்றை வரி விடைகளுக்கே பொருந்தும். குரூப் 4-இல் வரும் திறனறிவுக் கணக்குகள் போட்டுப் பார்த்தால்தான் வரும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டாம். புள்ளி விழுந்த வரிகளை மட்டும் மடித்துக் கேளுங்கள். நீங்கள் எங்கே தவறுவீர்கள் என்பதை அந்தப் புள்ளிகள் முன்பே எழுதி வைத்திருக்கின்றன.