ஏரிக்கரையில எத்தனை பார்த்தீனியம்?

கோவிலம்பாக்கத்துக்குப் பக்கத்துல நாராயணபுரம் ஏரி இருக்கு. அங்க நிரம்பி வழியுற தண்ணி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகுது. அது 2022-ல ராம்சார் தளமா அறிவிக்கப்பட்டது. இந்த மாதிரி ஒரு ஏரிக்கரையில 200 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்துல எத்தனை பார்த்தீனியச் செடி இருக்குன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? மொத்தத்தையும் எண்ண முடியாது. அதனால சின்னக் கட்டங்கள்ல எண்ணிக் கணிக்கிறோம். அந்தக் கட்டம்தான் குவாட்ரட்.

முதல்ல சைஸ். பார்த்தீனியம் மாதிரி சின்னச் செடிக்கு 1 மீட்டருக்கு 1 மீட்டர் போதும். நாலு பிவிசி பைப் இருந்தா செஞ்சிடலாம். சீமைக்கருவேலப் புதருக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டராவது வேணும். பெரும்பாலான கட்டத்துல பூஜ்ஜியம் வந்தா சைஸ் பத்தல. எண்ணும்போதே கணக்கு விட்டுப்போனா சைஸ் அதிகம். ஓரத்துக் கோட்டு மேலயே வேர் இருந்தா, ரெண்டு பக்கத்துல சேர்த்துக்கணும், மத்த ரெண்டு பக்கத்துல விட்டுடணும். எல்லாப் பக்கத்துலயும் சேர்த்தா விடை கூடிடும்.

அடுத்து இடம். கட்டத்தை முதுகுக்குப் பின்னாடி தூக்கிப் போடுறது ரேண்டம் இல்ல. நாம நிக்கிற நடைபாதைப் பக்கமே விழும். போன்ல 0–199, 0–9 ரெண்டு ரேண்டம் எண் எடுத்து, டேப் வெச்சு அந்தப் புள்ளிக்குப் போகணும்.

பத்துக் கட்டத்துல இப்படி வந்ததா வெச்சுக்குவோம்: 0, 2, 1, 14, 0, 3, 9, 0, 1, 10. கூட்டினா 40, சராசரி சதுர மீட்டருக்கு 4. பரப்பு 2000 சதுர மீட்டர், அதனால 8000 செடி. ரிப்போர்ட்டை முடிச்சிடலாமா? கூடாது. ஸ்டாண்டர்ட் எரர் 1.6 வருது. பத்துக் கட்டத்துக்கு அதை 2.26-ஆல பெருக்கினா சுமார் ±3.6. அதாவது உண்மை 800-ஆவும் இருக்கலாம், 15,000-ஆவும் இருக்கலாம்! இந்த வீச்சைப் பாதியாக்க, கட்டத்தைச் சுமார் நாலு மடங்கு, அதாவது 40 ஆக்கணும்.

இல்லன்னா எண்கள் ஏன் இப்படிச் சிதறுதுன்னு பாக்கணும். மண்ணைக் கிளறிப்போட்ட பாதையோரத்துல பார்த்தீனியம் கொத்துக் கொத்தா வரும், தண்ணி ஓரத்துல குறையும். இங்கதான் டிரான்செக்ட் கைகொடுக்கும். பாதையில இருந்து தண்ணி வரைக்கும், கரைக்குக் குறுக்கா கயிறு கட்டி, 2 மீட்டருக்கு ஒரு கட்டம் வைங்க. 40 மீட்டருக்கு ஒரு கயிறுன்னா அஞ்சு கயிறு, 25 கட்டம். முதல் கயிறோட இடம் மட்டும் 0–39க்குள்ள ரேண்டமா. கயிறைக் கரை நீளத்துக்கே கட்டினா ஒரே வகை இடம்தான் மாட்டும். அப்புறம் பாதையோரம், தண்ணி ஓரம் ரெண்டுக்கும் தனித்தனிச் சராசரி போட்டு, அதது பரப்பால பெருக்கிக் கூட்டுங்க. சிதறல் நல்லாவே குறையும்.

ஒரு எல்லை: அருகம்புல் மாதிரி படர்ந்து வேர்விடுறதுல ஒரு செடி எங்க முடியுதுன்னே தெரியாது. அதுக்கு எண்ணிக்கை வேண்டாம், கட்டத்துல எத்தனை சதவீதம் மூடியிருக்குன்னு எழுதுங்க.

போகும்போது முழுக்கை சட்டை, கையுறை மறக்காதீங்க. பார்த்தீனியம் தோல்ல பட்டா பலருக்கும் அரிப்பு வரும்.